உள் வரிசை மூட்டை

ஓய்வு பெறுகிறவர்களின் பேச்சு எனக்கு எப்போதுமே ஆகாது. வேலையில் இருந்தவரை வாயைத் திறக்காத மனிதர்கூட, பொன்னாடை தோளில் விழுந்த நிமிடத்திலிருந்து ஞானியாகிவிடுவார். உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி என்று மூன்றையும் சொல்லி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, சுவர்க்கடிகாரம் ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார். முப்பத்திரண்டு வருடங்களில் இப்படி எத்தனையோ பேச்சுகளைப் பின்வரிசையில் உட்கார்ந்து வாழைப்பழத்தில் பொரித்த பழம்பொரி தின்றபடி கேட்டிருக்கிறேன். ஒன்றிலிருந்தும் ஒரு வரிகூட நினைவில்லை. பழம்பொரி நினைவிருக்கிறது.

அப்படிப்பட்டவளின் கையிலேயே ஒரு நாள் மைக்கைக் கொடுத்தார்கள்.

மட்டாஞ்சேரியில் மிளகும் இஞ்சியும் மஞ்சளும் வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவுக்கு மேனேஜராக இருந்தேன். கொச்சங்காடிப் பக்கம் பழைய கிடங்கு. கீழே மூட்டைகள், மாடியில் நாங்கள். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் மலையாளம் என்று மூன்று தலைமுறையாக வாழும் குடும்பம் எங்களுடையது. நான் கோபப்படும்போது மட்டும் இரண்டும் சேர்ந்து வரும் என்று பிரிவில் பையன்கள் கேலி செய்வார்கள். கோபம் அடிக்கடி வருவதால் அவர்களுக்கு அதில் நல்ல பழக்கம்.

நான் ஓய்வு பெற்ற அதே மாதம் கம்பெனியை இரண்டாகப் பிரித்தார்கள். பரிசோதனைக்கூடம் களமசேரியில் புதிய கட்டடத்துக்குப் போகிறது. வாங்கும் வேலையும் கிடங்கும் இங்கேயே இருக்கும். இளைய ஊழியர்கள் பதினான்கு பேருக்கும் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். பெயர், இப்போதைய வேலை, அதன் கீழே இரண்டு கட்டங்கள்: களமசேரி ஆய்வகம், மட்டாஞ்சேரி கொள்முதல். ஏதாவது ஒன்றில் டிக் போட்டு வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் தர வேண்டும். அடியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: இந்தத் தேர்வு இறுதியானது. என் பிரிவுபசாரக் கூட்டம் அதே வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு.

இது தற்செயல் இல்லை. திங்கட்கிழமையே ஜெனரல் மேனேஜர் என் அறைக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், கெட்ட மனிதர் இல்லை.

“சேச்சி, பசங்க நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா சம்பளத்துக்குப் பேசறான்னு நெனப்பாங்க. புது லேபுக்குக் கொறஞ்சது பத்துப் பேராவது வேணும். வெள்ளிக்கிழமை பேசறப்போ ஒரு வார்த்தை.”

“என்ன வார்த்தை?”

“நீங்க எப்படி லேபைத் தேர்ந்தெடுத்தீங்க, அதனால எப்படி உயர்ந்தீங்கன்னு. அந்தக் கதைதான், நீங்க எப்பவும் சொல்ற கதை.”

அந்தக் கதையைப் பிரிவில் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்லியிருக்கிறேன். தரகர்களிடம் விலை பேசி மிளகு வாங்கும் மேசையில் உட்கார எனக்கு அழைப்பு வந்தது, நானோ யோசித்துப் பார்த்து பரிசோதனைதான் என் பாதை என்று இந்தப் பக்கம் வந்துவிட்டேன் என்பது கதை. சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை. சரி என்று தலையாட்டினேன்.

என் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது. அவளுடைய அப்பா தென்காசிப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவள் பிறந்ததும் படித்ததும் இங்கே, மலையாளத்தில். தமிழ் பேசுவாள், ஆனால் பஸ் பலகையைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். மாதிரி எடுப்பதில் அவளைப் போல ஒரு கையை நான் பார்த்ததில்லை.

மாதிரி எடுப்பது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். மலையிலிருந்து லாரியில் மிளகு வந்து இறங்கியதும், கூர்முனையுள்ள குழல் போன்ற குத்தூசியை மூட்டைக்குள் செருகுவோம். அதன் பள்ளம் வழியாக மிளகு உள்ளங்கைக்கு வழிந்து வரும். ஒவ்வொரு மூட்டையிலும் கொஞ்சம் எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துக் கலந்து, தட்டையாகப் பரப்பி நாலாகப் பிரிப்போம். எதிரெதிரான இரண்டு பாகங்களை ஒதுக்கிவிட்டு மிச்சத்தை மறுபடி கலந்து மறுபடி பிரிப்போம். கடைசியில் ஒரு கிலோ அளவு நிற்கும். அதுதான் அந்த லாரி முழுவதற்கும் சாட்சி. ஈரம், பூஞ்சை, சண்டு என்கிற பதர், ஒரு லிட்டர் மிளகின் எடை எல்லாம் அந்த ஒரு கிலோவில்தான் பார்க்கப்படும். மாதிரி பொய்யாக இருந்தால் அதன் பிறகு எத்தனை லட்சத்துக்கு இயந்திரம் வைத்துப் பார்த்தாலும் பதில் பொய்தான்.

இந்தப் பெண் மிளகைக் கையில் ஏந்தியதுமே ஈரத்தைச் சொல்லிவிடுவாள், கருவி அதன் பிறகுதான் ஆமாம் போடும். அதோடு சுமைக்காரர்களிடம் பேசுவாள், லாரிக்காரர்களிடம் பேசுவாள், தரகர்களை மாமா என்று கூப்பிட்டே காரியத்தைச் சாதித்துவிடுவாள். கொள்முதல் தலைவர், வெற்றிலையை மெல்லாமல் இரண்டு வாக்கியம் பேசத் தெரியாத மனிதர், அவளைத் தன் மேசைக்கு எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லியிருந்தார். அந்த மேசையில் அதுவரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

படிவம் வந்த வாரம் அவள் என்னிடம் கேட்டாள். “அக்கா, நான் ஏது எடுக்கணும்? மேசை எனக்கு இஷ்டந்தான். பக்ஷே பயமா இருக்கு.”

“மேசை உனக்கு வேணாம்டி. ஆம்பளைங்க கூச்சல். லேப்தான் இனிமே. ஏசி, கம்ப்யூட்டர், மரியாதை. நான் அப்படித்தான் தேர்ந்தெடுத்தேன்.”

“அக்கா பறஞ்சா சரி,” என்றாள். அவ்வளவுதான். ஒரு பெண்ணின் பத்து இருபது வருடத்தை ஒரு சாயா குடிக்கும் நேரத்தில் முடிவு செய்துவிட்டு, பாத்திரத்தை அலம்பி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பேச்சை எழுத உட்கார்ந்தேன். உழைப்பு, நேர்மை, விடாமுயற்சி எல்லாம் ஒழுங்காக வந்து வரிசையில் நின்றன. எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருந்தது. அடித்துவிட்டு மறுபடி எழுதினேன், மறுபடி அதே மூன்றும் வந்தன. கடைசியில் கதையை மட்டும் ஒரு பக்கம் எழுதி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாடிக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். என்னைத் தாயாக ஒருவர் சொன்னார், தூணாக ஒருவர் சொன்னார். பொன்னாடை விழுந்தது, சுவர்க்கடிகாரமும் வந்தது. இளையவர்கள் பதினான்கு பேரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் அவர்களை பஸ்ஸில் களமசேரிக்குக் கூட்டிப் போய்ப் புதுக் கட்டடத்தைச் சுற்றிக் காட்டியிருந்தார்கள். வெள்ளைக் கோட்டு மாட்டிப் படம் எடுத்து, பிரியாணியும் போட்டிருந்தார்கள். அந்தப் படங்களை ஒருவருக்கொருவர் கைபேசியில் காட்டிக்கொண்டிருந்தார்கள். படிவங்கள் பலருடைய மடியில் இருந்தன.

அந்தப் பெண் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய படிவத்தில் முதல் கட்டத்தில் டிக் விழுந்திருந்தது நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. அவள் படம் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆசிரியை சொன்ன கணக்கை அப்படியே போட்டு வைத்துவிட்டு மதிப்பெண்ணுக்குக் காத்திருக்கும் குழந்தையின் முகம்.

தாளைப் பிரித்தேன். முதல் வரி: ‘எனக்கு வாங்கும் மேசையில் உட்கார அழைப்பு வந்தது.’ வாசித்தேன். அடுத்த வரி: ‘ஆனால் நான் யோசித்து...’ அதை வாசிக்க வாய் வரவில்லை. மைக் கீச்சிட்டது. தாளை மடித்துப் பையில் போட்டேன். அதன் பிறகு பேசியதெல்லாம் மலையாளத்தில். நினைவிலிருப்பதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“இந்தக் கதையை நீங்க எல்லாரும் கேட்டிருக்கீங்க. அது பொய்,” என்றேன். முன்வரிசையில் ஒருவன் கைபேசியைக் கீழே வைத்தான்.

“மேசைக்கு என்னைக் கூப்பிட்டது நிஜம். அடுத்த மாசம் சேரணும். அப்ப ஒரு லாரி வந்தது. மழை வர்ற மாதிரி இருட்டிட்டு நின்னது. சுமைக்காரங்க அவசர அவசரமா இறக்கி, சுவரை ஒட்டி அடுக்கிட்டாங்க. மாதிரி எடுக்க நான் போனேன். ஒவ்வொரு மூட்டையும் குத்தணும்னு எனக்குத் தெரியும். ஆனா உள் வரிசை மூட்டைகளைக் குத்தணும்னா அடுக்கைப் பிரிக்கச் சொல்லணும். அவங்க அப்பத்தான் மூச்சு வாங்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு வாய் வரலை. கைக்கு எட்டுன வெளி வரிசையை மட்டும் குத்தினேன். அழகான மிளகு. நாலாப் பிரிச்சு, கலந்து, எல்லாத்தையும் முறைப்படி செஞ்சேன். எல்லா மூட்டையும் குத்தினதா எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

“மூணு வாரம் கழிச்சுக் கிடங்குல ஒரு வாடை. அடுக்கைப் பிரிச்சா உள்ள இருந்ததெல்லாம் பூஞ்சை. விக்கிறவன் ஈரமான மூட்டைகளை லாரிக்கு நடுவுல வச்சு அனுப்பியிருக்கான். அவன் தப்பு பெரிசுதான். ஆனா அதைக் கண்டுபிடிக்கத்தானே என்னை வச்சிருந்தாங்க? அன்னிக்கு இருந்த கொள்முதல் தலைவர் ஒரே வாக்கியம் சொன்னாரு: எட்டினதை மட்டும் பாக்கிறவங்களுக்கு இந்த மேசை வேண்டாம். அதோட முடிஞ்சது. என்னை பரிசோதனைக்கூடத்துல ஒரு மூலையில உக்கார வச்சாங்க. நான் தேர்ந்தெடுக்கலை. தள்ளிவிட்டாங்க. வெக்கமா இருந்ததால தேர்ந்தெடுத்தேன்னு சொல்லிக்கிட்டேன். சொல்லச் சொல்ல நானே நம்பிட்டேன்.”

ஜெனரல் மேனேஜர் கால் மேல் போட்டிருந்த காலை எடுத்துக் கீழே ஊன்றினார். நான் விடவில்லை. கோபம் வந்துவிட்டது, யார் மேல் என்று அப்போது தெரியவில்லை.

“போன வாரம் உங்களை களமசேரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களே, பிரியாணி நல்லா இருந்துதா? அது வெளி வரிசை மூட்டை. காட்டுறதுக்குன்னே அடுக்கி வச்சது. யாராவது ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை அங்க போனீங்களா? காலையில இங்க படகு ஏறி, அந்தக் கரையில இறங்கி நடந்து, மெட்ரோ பிடிச்சு, அங்க போய்ச் சேர்றதுக்கு எவ்வளவு நேரம்னு கடிகாரத்தைப் பாத்தீங்களா? எட்டு மணி நேரத்துல எத்தனை மணி நேரம் பொருளைப் பாக்கிறோம், எத்தனை மணி நேரம் அறிக்கை அடிக்கிறோம்னு கேட்டீங்களா? நான் சொல்றேன், முக்கால்வாசி அறிக்கைதான். அது பிடிக்கிறவங்க இருக்காங்க, எனக்கே பிடிக்க ஆரம்பிச்சுது. ஆனா தெரிஞ்சுக்கிட்டுப் போகணும்.

“இங்க மேசையில உக்கார நினைக்கிறவங்களும் துள்ள வேண்டாம். நீங்க பாக்கிறது சாயா, சிரிப்பு, நாலு தரகர். மலையில மழை தப்பிப் பெஞ்ச வருஷம் அந்த மேசை எப்படி இருக்கும்னு பாத்தீங்களா? அந்த வேலையில மூணு வருஷம் இருக்கிறவங்களைக் கேளுங்க. விட்டுட்டுப் போனவங்களையும் தேடிப் பிடிச்சுக் கேளுங்க. இருக்கிறவங்க ஒரு வரிசை, போனவங்க இன்னொரு வரிசை. ரெண்டையும் குத்தாம கலக்காதீங்க. புத்தி சொல்ல வர்றவங்களையும் குத்திப் பாருங்க. இவங்களுக்கு இதுல என்ன இருக்குன்னு. என்னை நம்புறீங்களே, என்னை யாரு இன்னிக்கு இதைப் பேசச் சொன்னாங்கன்னு கேட்டீங்களா?”

ஜெனரல் மேனேஜர் தொண்டையைக் கனைத்தார். அவரை அப்படி மாட்டிவிட்டிருக்க வேண்டாம் என்று இன்றும் தோன்றுகிறது. ஆனால் சொன்னது சொன்னதுதான்.

அப்போது இரண்டாவது வரிசையில் அந்தப் பெண் எழுந்தாள். கூட்டத்தில் எழுந்து பேசுகிற பெண் இல்லை. படிவத்தைக் கையில் பிடித்திருந்தாள். என்னிடம் பேசும் பழக்கத்தில் தமிழிலேயே கேட்டாள்.

“அக்கா, என்னை லேபுக்குப் போகச் சொன்னீங்களே. அது எந்த வரிசை?”

பாதிப் பேருக்குத் தமிழ் புரியும். புரியாதவர்களுக்கு என் முகமே போதுமாக இருந்திருக்கும். முப்பத்திரண்டு வருட வேலையில் எத்தனையோ பேர் என் அறிக்கையைச் சந்தேகப்பட்டுச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவரும் இப்படி நேராகக் குத்தூசியைச் செருகியதில்லை. அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அவளுடைய நன்மைக்கு என்று நான் சொன்னதில் அவள் எங்கேயும் இல்லை. எனக்குக் கிடைக்காத மேசையில் இன்னொரு பெண் உட்காருவதைப் பார்க்க என் மனம் ஒப்பவில்லை. அவ்வளவுதான் விஷயம். கோபம் என் மேலேயேதான் இருந்திருக்கிறது.

“வெளி வரிசை,” என்றேன். “எனக்குக் கிடைக்கலைங்கற பொறாமையில சொன்னது. நீ அதைக் கணக்குல எடுத்துக்காத.” மேலே ஏதோ சொல்ல நினைத்தேன். அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், எல்லா ஓய்வு பெற்றவர்களையும் போலவே.

கை தட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன்தான் எழுந்து, “சார், படிவத்துல அந்தக் கடைசி வரியை மாத்த முடியுமா? பாத்துட்டு எழுதித் தரோம்,” என்று கேட்டான். அதற்குப் பிறகு நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். ஜெனரல் மேனேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கைபேசியில் எதையோ புரட்டினார். புது இயந்திரங்கள் முழுவதும் பொருத்த இன்னும் மூன்று வாரம் ஆகும், அதுவரை அங்கே பாதி ஆளுக்குத்தான் வேலை என்பது அவருக்கும் தெரியும்.

“பத்து நாள்,” என்றார். “அஞ்சு நாள் அங்க, அஞ்சு நாள் இங்க. வேலை செஞ்சு பாருங்க. சுத்திப் பாக்கிறதுக்கு இல்ல. அதுக்கப்புறம் இறுதின்னா இறுதிதான்.” ஒரு படிவத்தை வாங்கி, தேதியைப் பேனாவால் அடித்துப் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூட்டம் முடிந்து இறங்கும்போது என் பக்கத்தில் வந்து, “சேச்சி, ஒரு வார்த்தைதான் கேட்டேன்,” என்றார். கோபத்தோடுதான் சொன்னார். ஆனாலும் சுவர்க்கடிகாரப் பெட்டியை அவரேதான் தூக்கிக்கொண்டு வந்து ஆட்டோவில் வைத்தார்.

நான் வீட்டில் உட்கார்ந்து மூன்று நாள் ஆகவில்லை, கொள்முதல் தலைவரிடமிருந்து போன். அந்தப் பெண்ணுக்கு முதல் ஐந்து நாள் இங்கே மேசையில். முதன்முதலாக ஒரு பெண் உட்காருகிறாள், கூட ஒரு மூத்தவர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. “பையன்களுக்கு இப்படித் துணை வச்சீங்களா?” என்று போனிலேயே கத்தினேன். கத்தி முடித்துவிட்டு, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று ராத்திரி எனக்குச் சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்த மேசை.

மேசை ஜன்னலோரம் இருக்கிறது, வெளிச்சத்துக்காக. ஒன்பதரைக்குத் தரகர்கள் வர ஆரம்பிப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு பொட்டலம் கொண்டுவருவார்கள். அதை வெள்ளைத் தட்டில் கொட்டிப் பரப்பி, விரலால் தேய்த்து, மோந்து, ஒரு மணியைக் கடித்துப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகு முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. அதுதான் பாதி வேலை. சந்தையில் அன்றைய விலை எல்லாருக்கும் கைபேசியில் தெரியும். அதற்கு மேலா கீழா என்பதுதான் பேச்சு. நல்ல சரக்கென்றால் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்றைக்கு அவசரம் இல்லையே என்று சொல்ல வேண்டும். சரக்கு கிடங்குக்கு வந்து குத்திப் பார்த்த பிறகுதான் விலை உறுதி. ஈரம் கூடினால் விலையில் கழிவு. அதை முதலிலேயே சொல்லி, சண்டை வராமல் சொல்லி, மறுநாளும் அதே ஆள் நம்மிடம் வரும்படி சொல்ல வேண்டும்.

முதல் நாள் மிடுக்காக உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் தலை வலித்தது. ஒரே ஆள் ஒரே பொட்டலத்துக்கு முக்கால் மணி நேரம் பேசுகிறார், எழுந்து போகிறார், வாசல் வரை போய்த் திரும்பி வருகிறார். அவர் திரும்பி வருவார் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். பிறகு எதற்கு இந்த நடை என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. என் ஆய்வகத்தில் ஈரம் என்றால் ஈரம், இல்லை என்றால் இல்லை.

மூன்றாம் நாள் காலை ஒரு வயதான தரகர் பொட்டலத்தைப் பிரித்துத் தட்டில் கொட்டினார். கன்னங்கரேலென்று, கனமாக, ஒன்றுபோல் உருண்ட மணிகள். இரண்டு மழைக்காலமாக நான் பார்த்திராத மிளகு. ஒன்றை எடுத்துக் கடித்தேன், நாக்கு சுட்டது.

“அடடா, என்ன அருமையான மிளகு!” என்றேன், சத்தமாக.

தரகர் மெல்லச் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாக, தான் நினைத்து வந்த விலையை விட்டு நல்ல உயரத்தில் ஒரு விலையைச் சொன்னார். கொள்முதல் தலைவர் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிட்டார். வாங்கும் மேசையில் வாங்குகிறவளே சரக்கைப் புகழ்ந்த கதையை மட்டாஞ்சேரி முழுக்க அன்று மத்தியானமே சொல்லிச் சிரித்திருப்பார்கள்.

அந்தப் பெண் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு மணியைக் கடித்தாள். முகம் சுவர் மாதிரி இருந்தது. “மாமா, மேடம் ரிட்டயர் ஆயாச்சு,” என்றாள் மலையாளத்தில். “அவங்களுக்கு இப்ப எந்த மிளகைப் பாத்தாலும் சந்தோஷம். நமக்கு அப்படி முடியுமா? சரக்கு எத்தனை மூட்டை? எல்லாம் ஒரே தோட்டமா, மூணு தோட்டம் கலந்ததா? நான் உள் வரிசையையும் குத்துவேன், சம்மதமா?”

தரகர் கண்ணாடியைக் கழற்றினார். மூன்று தோட்டம் என்று ஒத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் விலை இறங்கி, நியாயமான இடத்தில் வந்து நின்றது. போகும்போது அவளிடம், “மோளே, நாளைக்கும் வரேன்,” என்றார்.

சாயா வந்தது. ஜன்னலோரம் நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். அவள் முகத்தில் இப்போதுதான் சிரிப்பு வந்தது, கண்ணெல்லாம் பளபளவென்று.

“இன்னும் களமசேரி அஞ்சு நாள் இருக்கு அக்கா. அதையும் பாத்துட்டுத்தான் எழுதுவேன்.”

“பாரு. ஆனா இது உனக்குப் பிடிச்சிருக்கு.”

“பிடிச்சிருக்கு,” என்றாள். பிறகு என் முகத்தை உற்றுப் பார்த்தாள், மிளகைப் பார்க்கிற அதே பார்வை. “அக்காவுக்கு?”

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். இத்தனை வருடமும் இந்த மேசையைப் பறிகொடுத்தவளாகத்தான் நான் தூங்கி எழுந்திருந்தேன். அதற்காகப் பொய் சொன்னேன், அதற்காக இவளைத் திசை திருப்பப் பார்த்தேன். மூன்று நாள் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், ஒவ்வொரு மணி நேரமும் என் மனம் ஆய்வகத்து நாற்காலிக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

“எனக்குப் பிடிக்கலைடி,” என்றேன். “துளிகூடப் பிடிக்கலை.”

சொன்னதும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. கையிலிருந்த சாயா தளும்பிப் புடவையில் கொட்டியது. அவளும் சிரிக்க ஆரம்பித்தாள். உள்ளே கொள்முதல் தலைவர் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்தபடி எங்களை முறைத்தார்.

களமசேரியில் ஐந்து நாள் முடித்துவிட்டு அவள் இரண்டாவது கட்டத்தில் டிக் போட்டுக் கொடுத்தாள். இங்கேயே இருப்பேன் என்று அடம்பிடித்த ஒரு பையன் முதல் கட்டத்தில் போட்டுவிட்டு ஆய்வகத்துக்குப் போய்விட்டான். ஜெனரல் மேனேஜருக்குப் பத்துப் பேர் கிடைக்கவில்லை, எட்டுப் பேர் கிடைத்தார்கள். அவர்களில் ஒருவரும் இதுவரை திரும்பி வர வேண்டும் என்று கேட்கவில்லை என்று அவரே போன் செய்து சொன்னார். நானோ, சாயா கொட்டியதற்கு மறுநாள், நான்காம் நாளே, மேசைக்குப் போகவில்லை. துணை தேவையில்லை என்று கொள்முதல் தலைவரிடம் சொல்லிவிட்டு, வெகு காலத்துக்குப் பிறகு காலை பத்து மணி வரை தூங்கினேன்.